மாடு வாங்கி 19 நாள், இன்று மூத்திரம் கடுங்காப்பி நிறம்: வியாபாரி ஏமாற்றினாரா, என் பட்டியில் வந்ததா?

செம்மண்தோட்டம் | வியாழன், காலை 6.10

அந்தியூர் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். 19 நாளுக்கு முன்னால் ஒரு வியாபாரி மூலமாக எச்.எப். கலப்பு மாடு ஒன்று வாங்கினேன். இரண்டாம் ஈத்து, கன்று போட்டு நான்கு மாதம். காலையில் 7 லிட்டர், சாயங்காலம் 5 லிட்டர் என்று குறையாமல் கறந்துகொண்டிருந்தது.

செவ்வாய் சாயங்காலம் 5 லிட்டர் 3 ஆனது. தவிட்டுத் தண்ணியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதன் காலையிலும் 3 லிட்டர்தான், காது சுட்டது. ஊரில் ஊசி போடுகிற ஒருவர் வந்து காய்ச்சலுக்கு ஓர் ஊசி போட்டார். மத்தியானம் கொஞ்சம் சோளத்தட்டு கடித்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். இன்று விடியற்காலையில் பார்த்தால் மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போகிறது. விழுந்த இடத்தில் நுரை அடங்காமல் நிற்கிறது.

அப்பா இதை உடம்புச் சூடு என்கிறார், இளநீரும் சீரகமும் கொடுக்கச் சொல்கிறார். மச்சான், நோய் மாட்டைத் தலையில் கட்டிவிட்டான், பணத்தைத் திருப்பிக் கேள் என்கிறார். தொடை இடுக்கிலும் மடிக்குப் பின்னாலும் உண்ணி நிறைய இருக்கிறது, பெரும்பாலும் சின்னது. முதல் வாரமே உண்ணி மருந்து அடித்தேன். மருந்தகம் 4 கிலோமீட்டர். ஓட்டிக்கொண்டு போகட்டுமா?

---

பட்டிமருத்துவர் | வியாழன், காலை 6.35

ஓட்டிக்கொண்டு போக வேண்டாம் தம்பி. முதலில் இதைக் கேளுங்கள். மூத்திரம் இந்த நிறத்தில் வருகிறது என்றால் மாட்டின் ரத்தம் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் 4 கிலோமீட்டர் நடத்தினால் வழியிலேயே விழுந்துவிடும். நிழலில் கட்டி, தண்ணி வைத்து, மருத்துவரை வரச்சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் 1962க்கு அடியுங்கள்.

அவர் வருவதற்குள் நான்கு விஷயம் பார்த்து இங்கே எழுதுங்கள். வீட்டில் மனிதர்களுக்கு வைக்கும் தெர்மாமீட்டர் போதும். நுனியில் எண்ணெய் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் இரண்டு அங்குலம் செலுத்தி, பக்கச் சுவரில் படும்படி சாய்த்து இரண்டு நிமிடம் பிடியுங்கள். சாணிக்குள் சொருகினால் குறைவாகக் காட்டும். காதைத் தொட்டுப் பார்ப்பது கணக்கில்லை.

அப்புறம் கீழ் இமையை இழுத்துச் சதையின் நிறம் பாருங்கள். தோள்பட்டைக்கு முன்னால், கழுத்து சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் கையால் அழுத்தித் தேடுங்கள், எலுமிச்சம்பழம் அளவுக்கோ அதற்கு மேலோ கட்டி தட்டுப்படுகிறதா? கடைசியாக, மூத்திரத்தை ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள்.

நேற்று போட்ட ஊசி என்ன மருந்து என்றும் கேட்டு வையுங்கள். சூட்டை மட்டும் இறக்குகிற ஊசியாக இருந்தால், நேற்று மத்தியானம் தட்டு கடித்ததற்குக் காரணம் அதுதான். நோய் அப்படியே இருந்திருக்கும்.

---

கறவை7 | வியாழன், காலை 6.50

இது உண்ணிக் காய்ச்சலேதான், சந்தேகமே வேண்டாம். என் மாட்டுக்கு இதே மாதிரி வந்து பெரினில் ஊசி போட்டதும் மறுநாள் எழுந்துவிட்டது. மருந்துக் கடையில் பொடியாகக் கிடைக்கும், தண்ணியில் கலக்கி நீங்களே சதையில் போட்டுவிடலாம். டாக்டர் வரும் வரை காத்திருந்தால் மாடு போய்விடும். கூடவே ஐவர்மெக்டின் ஒன்றும் போடுங்கள், உண்ணி எல்லாம் கொட்டிவிடும்.

---

எருமைப்பால் | வியாழன், காலை 7.05

உசிலம்பட்டியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் எருமைக்குப் போன வருடம் அப்படியே கறுஞ்சிவப்பாகப் போனது. கன்று போட்டு 20 நாள்தான் ஆகியிருந்தது. டாக்டர் பாஸ்பரஸ் குறை என்று சொல்லி நரம்பில் மருந்து ஏற்றினார், இரண்டு நாளில் தெளிந்தது. உண்ணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும், தாது உப்பு கொடுங்கள்.

---

பட்டிமருத்துவர் | வியாழன், காலை 7.25

எருமைக்காரர் சொல்வது உண்மையான நோய்தான், நானே நிறைய பார்த்திருக்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் கன்று போட்ட முதல் ஆறு வாரத்துக்குள் வரும், காய்ச்சல் இருக்காது. உங்கள் எருமைக்கு அன்று சூடு பார்த்தார்களா, நினைவிருக்கிறதா? தம்பியின் மாடு கன்று போட்டு நான்கு மாதம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது தெர்மாமீட்டர்தான், அதனால்தான் முதலில் அதைக் கேட்டேன்.

கறவை7, நோயைச் சரியாகத்தான் ஊகித்திருக்கிறீர்கள், மருந்தும் அதற்குள்ளதுதான். ஆனால் ஊசி போடுவதற்கு முன்னால் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி வைக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டால் ரத்தத்தில் கிருமி மறைந்துவிடும், அப்புறம் எது வந்தது என்று தேடினாலும் கிடைக்காது. உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் ஒன்றல்ல. பேபீசியாவுக்கு நீங்கள் சொன்ன ஊசி கேட்கும். தைலேரியாவுக்கு அது கேட்காது, அதற்கு பூபார்வாகோன் என்ற வேறு மருந்து. அனாப்ளாஸ்மாவுக்கு இன்னொன்று. எடை பார்க்காமல் அதிகம் போனால் நரம்பைப் பாதிக்கும், குறைந்தால் நோய் திரும்பும். கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டினும் வேண்டாம், பாலில் நாள் கணக்கில் வரும்.

---

செம்மண்தோட்டம் | வியாழன், காலை 8.40

அக்கா, பார்த்துவிட்டேன். சூடு 105.8. இமைச் சதை வெளிர் ரோஜா நிறம், கிட்டத்தட்ட வெள்ளை. பக்கத்தில் நிற்கும் பழைய மாட்டின் இமையையும் இழுத்துப் பார்த்தேன், அது நல்ல சிவப்பு. வித்தியாசம் பயமாக இருக்கிறது. தோளுக்கு முன்னால் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. பாட்டில் ஒரு மணி நேரமாக இருக்கிறது, அடியில் எதுவும் தங்கவில்லை, மேலிருந்து கீழ் வரை ஒரே காப்பி நிறம். மூச்சு வேகமாக விடுகிறது. நேற்று போட்டது சூட்டை இறக்கும் ஊசிதானாம். டாக்டர் 11 மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.

---

மலையடிவாரம் | வியாழன், காலை 8.55

பாட்டில் விஷயத்துக்கு என் பங்கு. நான் கோத்தகிரி. இங்கே மேய்ச்சலில் பெரணி நிறைய, வருடக்கணக்கில் அதைத் தின்ற மாடுகளுக்குச் சிறுநீர்ப்பையில் புண் வந்து ரத்தமாகவே போகும். அந்த மூத்திரத்தை வைத்தால் சிவப்பு அடியில் தங்கி மேலே தெளிந்துவிடும், சில நேரம் கட்டியும் வரும், காய்ச்சல் இருக்காது. உங்களுடையது தெளியவில்லை என்றால் அது முழு ரத்தம் இல்லை, ரத்தத்தில் இருக்கும் சாயம் கரைந்து வருகிறது. எங்களுக்கு இதை மருந்தகத்தில் காட்டிக்கொடுத்தார்கள்.

---

பட்டிமருத்துவர் | வியாழன், காலை 9.10

மிகச் சரியாகச் சொன்னீர்கள். கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை வெடிக்க வைக்கிறது. உள்ளே இருந்த சாயம் ரத்த நீரில் கலந்து, சிறுநீரகம் வழியாக இறங்குகிறது. அதனால்தான் அடியில் தங்க எதுவும் இல்லை.

தம்பி, மாட்டுக்கு இயல்பான சூடு 101.5 வாக்கில். வெயிலில் நின்றால் 103 கூடக் காட்டும். காலை 8 மணிக்கு 105.8 என்பது வெயிலால் வந்தது இல்லை. காய்ச்சல், வெளுத்த இமை, தங்காத காப்பி நிறம், உடம்பில் உண்ணி, தோள் கட்டி இல்லை. பேபீசியா என்றுதான் நானும் நினைக்கிறேன். டாக்டரிடம் இந்த ஐந்தையும் அப்படியே சொல்லுங்கள், முதலில் ரத்தத் தடவல் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். இளநீர் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் வாயைத் தூக்கிப் பிடித்து ஊற்றாதீர்கள், இந்த மூச்சில் புரையேறும். யாராவது அவசரத்தில் குளுக்கோஸ் பாட்டிலை முழுதாகத் திறந்துவிட வந்தாலும் தடுங்கள். ரத்தம் இவ்வளவு வெளுத்திருக்கும்போது எவ்வளவு ஏற்றலாம், எந்த வேகத்தில் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

---

கோதைமூன்றுமாடு | வியாழன், காலை 9.40

தம்பி, டாக்டர் வருகிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஜெர்சி கலப்புக் கிடாரி ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றால் மூத்திரம் சிவக்கும் என்று எல்லாரும் சொல்லியிருந்ததால், நான் தினமும் மூத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளாகத்தான் போனது. அதனால் வெறும் காய்ச்சல் என்று நான்கு நாள் விட்டுவிட்டேன். தோளுக்கு முன்னால் ஒரு கட்டி, தேங்காய்ச் சில்லு மாதிரி, அதை வண்டிக் கயிறு உரசியது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் டாக்டர் வந்து தொட்டதுமே தைலேரியா என்றார். விலை கூடிய ஊசி இரண்டு இடத்தில் பிரித்துப் போட்டார். ஆனால் ரத்தம் ஏற்கெனவே போய்விட்டது, ஏழாம் நாள் இறந்துவிட்டது.

மூத்திரம் சிவக்கவில்லை என்பதால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று யாரும் நினைக்காதீர்கள். அன்றைக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். இப்போது பால் ஒரு லிட்டர் குறைந்தாலும் முதலில் சூடு பார்ப்பேன்.

---

பட்டிமருத்துவர் | வியாழன், காலை 9.55

அக்கா, உங்கள் மேல் தப்பில்லை, நிறைய பேர் அப்படித்தான் காத்திருக்கிறார்கள். பேபீசியாவிலேயே நிறம் பிந்தித்தான் வரும். தம்பியின் மாட்டைப் பாருங்கள்: செவ்வாய் சாயங்காலம் பால் குறைந்தது, வியாழன் காலை நிறம் வந்தது. இடையில் ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளில் சூடு பார்த்துத் தடவல் எடுத்திருந்தால் இமை இவ்வளவு வெளுத்திருக்காது.

---

செம்மண்தோட்டம் | வியாழன், இரவு 7.30

டாக்டர் 11.20க்கு வந்தார். சொன்னதைச் சொன்னேன், காதில் குத்தித் தடவல் எடுத்தார், கழுத்து நரம்பிலும் ஒரு குழாய் ரத்தம் எடுத்தார். பிறகு எடை நாடா சுற்றி 360 கிலோ என்று கணக்கிட்டு ஊசியை ஆழமாகச் சதையில் போட்டார். பாலை எத்தனை நாள் கொட்ட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் 103.6. மூத்திரம் இன்னும் அதே நிறம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 5.8 என்று போனில் சொன்னார், 8க்கு மேல் இருக்க வேண்டுமாம். 4க்கு அருகே போனால் வேறு மாட்டு ரத்தம் ஏற்ற வேண்டி வரும், நாளை மறுபடி பார்க்கலாம் என்றார்.

இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறேன், இனி வியாபாரி கதை. அவரிடம் போனில் பேசினேன். மாடு நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் சிமெண்ட் தரையிலேயே வளர்ந்தது, ஒரு உண்ணி கூட இருக்காது என்கிறார். பொய்தானே?

---

பட்டிமருத்துவர் | வியாழன், இரவு 8.15

அவர் சொல்வது உண்மையாக இருந்தால் அதுவே உங்களுக்கு விடை தம்பி, கேட்க வருத்தமாக இருந்தாலும்.

பேபீசியாவைக் கொண்டுவரும் உண்ணி ஒரே மாட்டில் வாழ்நாளைக் கழிக்கிறது. புல் நுனியிலிருந்து ஊசிமுனை அளவுக் குஞ்சாக ஏறும், மாட்டின் மேலேயே இரண்டு முறை தோல் உரிக்கும், மூன்று வாரத்தில் ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிக் கீழே விழும். விழுந்த தாய் 2,000, 3,000 முட்டை இட்டுச் செத்துப்போகும். தாயின் உடம்பிலிருந்த கிருமி முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடும். ஆக, புல்லில் காத்திருக்கும் குஞ்சு பிறக்கும்போதே கிருமியோடு இருக்கலாம். மாட்டில் ஏறி ஒரு வாரத்துக்குப் பிறகு, அடுத்த பருவத்துக்கு வளர்ந்ததும், கிருமியை மாட்டுக்குள் விடும். அதற்கப்புறம் காய்ச்சல் வர ஒன்றிரண்டு வாரம். கூட்டிப் பாருங்கள், 19 நாள் சரியாக விழுகிறது.

உங்கள் பழைய மாடு எத்தனை வருடமாக அங்கே மேய்கிறது? அது கன்றாக இருந்தபோதே இந்தக் கிருமியைப் பார்த்திருக்கும். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த கன்றுகளை இந்த நோய் பெரிதாக வாட்டாது, லேசாக வந்து போய்விடும். பிறகு கிருமி ரத்தத்தில் கொஞ்சமாக ஒளிந்திருக்கும், மாடு நன்றாகவே இருக்கும், உண்ணி மட்டும் அதிலிருந்து கிருமியை எடுத்துக்கொள்ளும். உண்ணியே பார்க்காமல் வளர்ந்த பெரிய மாட்டை அங்கே கொண்டுவந்து கட்டினால் அதற்குத்தான் அடி.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாடுகளை வடக்கே ஓட்டிப்போன காலத்தில், வந்த மாடுகள் கொழுகொழுவென்று இருக்கும், வடக்கத்தி மாடுகள் மட்டும் சிவந்த மூத்திரம் போய்ச் சாகும். காரணம் உண்ணி என்று 1893இல் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் எழுதி வைத்தார்கள். பூச்சியோ உண்ணியோ ஒரு நோயைக் கடத்த முடியும் என்று நிரூபித்த முதல் வேலைகளில் அது ஒன்று. உங்கள் பட்டியில் நடந்தது அதையே திருப்பிப் போட்டது, அவ்வளவுதான்.

---

செம்மண்தோட்டம் | வியாழன், இரவு 8.40

பழைய மாடு ஆறு வருடமாக எங்கள் வரப்பில்தான் மேய்கிறது. புது மாட்டை வந்த மறுநாளே அதனோடு அதே வரப்பில் கட்டினேன். மச்சானிடம் இன்று ஒன்றும் சொல்லவில்லை.

---

கறவை7 | வியாழன், இரவு 9.00

அது அப்படி ஒரேயடியாக வியாபாரியை விடுவிக்க முடியாது. வண்டியில் ஏற்றி அலைக்கழித்தால் உள்ளே ஒளிந்திருந்த நோயும் கிளம்பும் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். பண்ணையில் உண்ணி இல்லை என்பதற்கு அவர் வாய்தான் சாட்சி.

---

பட்டிமருத்துவர் | வியாழன், இரவு 9.10

உண்மை, அதற்கு வழி இருக்கிறது. வந்த அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். இப்போது யாராலும் அறுதியிட முடியாது. 19 நாள் கணக்கு பட்டியைத்தான் அதிகம் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

---

காங்கேயம்பற்று | வெள்ளி, காலை 7.20

இதற்குத்தான் நாட்டு மாடு வளர்க்கச் சொல்கிறோம். எங்கள் காங்கேயம் மாடுகளில் உண்ணி இருக்கும், ஆனால் காய்ச்சல் என்று டாக்டர் வீட்டுக்குப் போனதில்லை. தோல் இறுக்கம், வாலால் அடித்துக்கொள்ளும், நக்கி எடுத்துவிடும். நான் உண்ணி மருந்தே அடிப்பதில்லை. கொஞ்சம் உண்ணி இருந்தால்தான் கன்றுக்கு எதிர்ப்பு வரும். நீங்கள் எல்லா உண்ணியையும் கொன்றுவிட்டால் அடுத்த கன்று இந்தப் புது மாடு மாதிரி ஆகிவிடும்.

---

செம்மண்தோட்டம் | வெள்ளி, காலை 8.00

காலையில் 101.8! மூத்திரம் டீ நிறத்துக்கு வந்திருக்கிறது. கம்பு நாற்று கொஞ்சம் தின்றது. தடவலில் சிவப்பணுவுக்குள் பேரிக்காய் மாதிரி இரட்டை இரட்டையாகத் தெரிந்ததாம், பேபீசியா என்று உறுதி சொன்னார். ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை, மாடு அசை போடுகிறது என்றார்.

இனி உண்ணிதான் கேள்வி. முதல் வாரம் டெல்டாமெத்ரின் மருந்து ஒரு லிட்டர் தண்ணிக்கு 2 மில்லி கலந்து, கைத்தெளிப்பானில் இரண்டு மாட்டுக்கும் அடித்தேன். ஏன் கேட்கவில்லை? மருந்து போலியா?

---

கறவை7 | வெள்ளி, காலை 8.15

அந்த மருந்துக்கு இப்போது உண்ணி சாவதில்லை. அளவைக் கூட்டுங்கள், 5 மில்லி போடுங்கள். இல்லாவிட்டால் பருத்திக்கு அடிக்கும் மருந்து இருக்கிறதே, அதுவும் அதே சரக்குதான், விலையும் குறைவு.

---

எருமைப்பால் | வெள்ளி, காலை 8.30

வயல் மருந்து மட்டும் வேண்டாம் ஐயா. எங்கள் தெருவில் ஒருவர் அடித்து, அரை மணி நேரத்தில் எருமை வாயில் நுரை தள்ளி, உடம்பு துடித்து விழுந்தது. டாக்டர் வந்து அட்ரோபின் போட்டுக் காப்பாற்றினார். அடித்தவருக்கே அன்று வாந்தி மயக்கம்.

அப்புறம் டாக்டர் அம்மா, நேற்று கேட்டீர்களே, வீட்டில் விசாரித்தேன். எருமைக்கு அன்று சூடு பார்த்தார்களாம், 101 தானாம்.

---

பட்டிமருத்துவர் | வெள்ளி, காலை 9.30

எருமைக்காரரே, கேட்டுச் சொன்னதற்கு நன்றி. அப்படியானால் உங்களுடையது பாஸ்பரஸ் குறைதான்.

தம்பி, நல்ல செய்தி. ஆனால் சூடு இறங்கியதும் மாடு தேறிவிட்டது என்று மேய்ச்சலுக்கு விடாதீர்கள். போன ரத்தம் ஊற வாரக்கணக்கில் ஆகும். கட்டுத்தரையிலேயே வைத்துத் தீனி கொடுங்கள், ஐந்து நாள் காலையும் மாலையும் சூடு பாருங்கள்.

உங்கள் மருந்து போலியாக இருக்க வேண்டியதில்லை. கணக்கைப் பாருங்கள்: ஒரு லிட்டர் கரைசலை இரண்டு மாட்டுக்கு அடித்திருக்கிறீர்கள், ஒரு மாட்டுக்கு அரை லிட்டர். பெரிய மாடு தோல் வரை நனைய 3 முதல் 5 லிட்டர் வேண்டும். கைத்தெளிப்பானில் முதுகும் விலாவும் நனைந்திருக்கும், உண்ணி இருப்பது அங்கே இல்லை. மடிக்கும் தொடைக்கும் நடுவில், வாலுக்கு அடியில், நெஞ்சுக்குக் கீழே தொங்கும் தோலில், காதுக்குள் இருக்கிறது. அங்கே ஈரம் எட்டாவிட்டால் அடித்ததும் அடிக்காததும் ஒன்று. முதுகுத் தெளிப்பானை வைத்து, முடிக்கு எதிர்ப்பக்கமாக, கீழிருந்து மேலாக அடியுங்கள். வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிய வேண்டும். காதுக்குள்ளும் கண்ணைச் சுற்றியும் தெளிக்காமல், துணியைக் கரைசலில் நனைத்துத் துடையுங்கள். கை உறை போட்டுக்கொள்ளுங்கள். மாடு தாகமாக இருக்கும்போது அடிக்காதீர்கள், தண்ணி காட்டிவிட்டு, பால் கறந்த பிறகு, வெயில் தாழ அடியுங்கள். அடுத்த கறவைக்கு முன் காம்பைக் கழுவுங்கள். புது மாட்டுக்கு மட்டும் எப்போது அடிக்கலாம் என்று உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், இப்போது அது பலவீனமாக இருக்கிறது. அதுவரை உண்ணியைக் கையால் எடுங்கள்.

எதிர்ப்பு வந்துவிட்டதா என்பது அதற்கப்புறம்தான் தெரியும். சரியான அளவில், முழுதாக நனைத்து, மூன்றாம் நாள் நனைந்த இடத்தில் உண்ணி உயிரோடு கால் ஆட்டினால் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம். அப்போது அளவைக் கூட்டுவதில் பயனில்லை, மருந்தின் குடும்பத்தையே மாற்ற வேண்டும். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டெல்டாமெத்ரினை விட்டு சைபர்மெத்ரினுக்கோ, முதுகில் ஊற்றும் ஃப்ளூமெத்ரினுக்கோ போவார்கள், மூன்றும் ஒரே குடும்பம். அமிட்ராஸ் வேறு குடும்பம், 12.5 சதவீத மருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலப்பார்கள். பாட்டிலில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டுக் கலக்குங்கள், பலம் மாறினால் அளவும் மாறும்.

---

செம்மண்தோட்டம் | வெள்ளி, காலை 10.05

அரை லிட்டர்... முதுகில்தான் அடித்தேன். எத்தனை நாளுக்கு ஒரு தடவை அக்கா? உப்பிய உண்ணியை அம்மா தினமும் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்குவார், அது போதாதா?

---

பட்டிமருத்துவர் | வெள்ளி, காலை 10.40

பிடுங்குவது நல்லதுதான், ஒரு தாயை எடுத்தால் 2,000 குஞ்சு குறைகிறது. ஆனால் கையால் நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடச் சொல்லுங்கள். தொழுவத்தில் தூக்கி எறிந்தால் அங்கேயே முட்டையிடும்.

நாள் கணக்கு 21. ஏறிய குஞ்சு உப்பி விழ மூன்று வாரம் ஆகிறது என்றேன் இல்லையா, அதற்குள் அடுத்த அடி விழுந்தால் எந்த உண்ணியும் முட்டையிடும் பருவத்துக்குப் போகாது. ஒரு தடவை அடித்துவிட்டு உண்ணியைக் காணோம் என்று நிறுத்திவிடுகிறோம். புல்லில் இருக்கும் குஞ்சு மாதக்கணக்கில் காத்திருக்கும், மறுபடி ஏறும். நான்கு தடவையாவது விடாமல், எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் அடியுங்கள். ஒரு மாட்டை விட்டால் அதுவே விதை மாடு. காலண்டரில் குறித்து வையுங்கள், மறந்துவிடும்.

கோதை அக்காவுக்கு வந்த தைலேரியாவின் உண்ணி வேறு. அது மாட்டை விட்டு இறங்கிச் சுவர் விரிசலில், கல் இடுக்கில் தங்கும். மாட்டுக்கு மட்டும் அடித்தால் அது அசையாது. விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், எருக்குழியைத் தொழுவத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

---

கோதைமூன்றுமாடு | வெள்ளி, பகல் 12.10

எங்கள் பழைய தொழுவம் மண் சுவர்தான். சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தால் விரிசலில் வரிசையாக இருக்கும். பூசிய பிறகு குறைந்தது. கோழி விட்டிருக்கிறேன், அதுவும் பொறுக்கும்.

வசம்பு, பூண்டு, வேப்பிலை, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை அரைத்து வடிகட்டித் தேய்ப்பதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். கன்றுக்கு அதைத்தான் செய்கிறேன். பெரிய மாட்டில் உண்ணி அதிகமானால் போதவில்லை.

---

பட்டிமருத்துவர் | வெள்ளி, பகல் 12.45

காங்கேயம் நண்பருக்கு. நாட்டு மாட்டில் உண்ணி குறைவாகத்தான் ஏறும், நோயையும் தாங்கும், அது உண்மை. கன்றுப் பருவத்தில் கிருமியைப் பார்த்தால் எதிர்ப்பு வரும் என்பதும் உண்மை. உங்கள் பட்டிக்கு உங்கள் முறை சரியாக இருக்கலாம். ஆனால் தம்பியின் பட்டியில் பாதி கலப்பு மாடு. "கொஞ்சம் உண்ணி" என்று எந்த அளவில் நிறுத்துவது? மழை பெய்து நான்கு வாரத்தில் கொஞ்சம் என்பது நூறாகிவிடும். தைலேரியாவுக்குக் கன்றும் தப்பாது. என்னால் கொஞ்சம் விட்டுவை என்று சொல்ல முடியவில்லை.

---

காங்கேயம்பற்று | வெள்ளி, பகல் 1.20

கலப்பு மாட்டுக்கு நீங்கள் சொல்வது சரி என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் 21 நாளுக்கு ஒரு தடவை எல்லாரும் அடித்துத்தான் இன்று டெல்டாமெத்ரின் கேட்காமல் போனது. நாளை அமிட்ராஸும் போகும். அப்போது என்ன செய்வீர்கள்? என் கன்றுகளுக்கு நான் அடிக்கப்போவதில்லை.

---

பட்டிமருத்துவர் | வெள்ளி, பகல் 1.35

அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. அரை நனைப்பாக அடிப்பதுதான் எதிர்ப்பை வேகமாக வளர்க்கிறது என்பது நான் பார்த்தது. ஆனால் நன்றாக நனைத்தாலும் என்றாவது ஒருநாள் வரும் என்பதை மறுக்க மாட்டேன்.

---

செம்மண்தோட்டம் | ஞாயிறு, மாலை 6.20

மூத்திரம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு நாளாக 101.4, 101.6. பால் காலையில் 4 லிட்டர், எருக்குழியில் கொட்டுகிறோம். இமை இன்னும் வெளுப்புதான்.

பழைய மாட்டுக்கும் கிடாரிக்கும் நேற்று அடித்தேன். பெரிய மாட்டுக்கு 4 லிட்டர், கிடாரிக்கு 2 போனது. இன்று மடிப் பக்கம் துடைத்தபோது செத்த உண்ணி கையோடு வந்தது, காதில் மட்டும் இரண்டு உயிரோடு இருந்தன. மூன்றாம் நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்.

வியாபாரிக்குப் போன் செய்து, மாடு தேறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா, ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தை மாதம் இன்னொரு மாடு வாங்கும் எண்ணம் இருந்தது. அதை எங்கே கட்டுவது?

---

பட்டிமருத்துவர் | ஞாயிறு, மாலை 7.00

வரப்பில் கட்டாதீர்கள். மேய்ச்சல் புல் படாத இடத்தில், வெட்டிய தீனியோடு மூன்று வாரம் தனியாக. புல்லை உங்கள் வரப்பிலேயே வெட்டினால் குஞ்சும் கூடவே வரும், சோளத்தட்டு போடுங்கள். வந்த அன்றே உண்ணி பார்த்து அடியுங்கள், ரத்தத் தடவலும் எடுத்துவிடுங்கள். முடிந்தால் உங்களைப் போல் மேய்ச்சலில் வளர்த்தவரிடமிருந்தே வாங்குங்கள். பிறகு வரப்புக்கு விட்ட நாளிலிருந்து நான்கு வாரம் தினமும் காலையில் சூடு பாருங்கள். 103 தாண்டினால் மூத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் போன் செய்யுங்கள்.